பத்து ஆண்டு, பதினோரு புராஜெக்ட், இரண்டு பக்கம்

சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ ஒரு ஐ.டி. சேவை நிறுவனத்தில் பத்து ஆண்டு வேலை பார்த்தவர் வெளியே வேலை தேடக் கிளம்பும்போது கையில் இருக்கும் ரெஸ்யூமே ஆறேழு பக்கம் போவது சாதாரணம். முதல் பக்கத்தில் பெயரும் தெரிந்த தொழில்நுட்பங்களும் இருக்கும். அதன்பின் கட்டம் கட்டமாக வரும். புராஜெக்ட் 1, கிளையன்ட், எத்தனை மாதம், டீமில் எத்தனை பேர், என்ன சாஃப்ட்வேர், பொறுப்புகள். அடுத்து புராஜெக்ட் 2, அதே கட்டம். பொறுப்புகள் என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே வரிகள்: தேவைகளைக் கேட்டறிந்தேன், கோடு எழுதினேன், யூனிட் டெஸ்ட் செய்தேன், பிழை திருத்தினேன், கிளையன்ட் காலில் கலந்துகொண்டேன். ஏழாவது பக்கம் வரை பொறுமையாகப் படித்தாலும், இவர் எதில் கெட்டி என்பது தெரியாது.

இந்த வடிவம் ஊழியர் தாமாகத் தேர்ந்தெடுத்தது அல்ல. ஒரு புராஜெக்ட் முடிந்து பெஞ்சில் இருக்கும்போது, ஆட்களை ஒதுக்கும் பிரிவு அவரிடம் புரொஃபைல் கேட்கும். கம்பெனியின் டெம்ப்ளேட்டில்தான் தர வேண்டும். அது புதிய கிளையன்ட்டின் மேனேஜர் மேசைக்குப் போகும். அந்த மேனேஜருக்கு ஒரே ஒரு கேள்விதான்: எங்களிடம் இருப்பது மாதிரியான சிஸ்டத்தில் இவர் முன்பு கை வைத்திருக்கிறாரா? அதற்குப் புராஜெக்ட் வாரியான பட்டியல் நன்றாகவே பதில் சொல்லும். இவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு சேவை நிறுவனத்தின் பெயரே உத்தரவாதம்.

வெளி நிறுவனம் பார்க்கும் கண் வேறு. இவர் யாரிடம் சம்பளம் வாங்கினார், எந்தப் பதவியில் இருந்தார், ஒரு வேலையைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு இடங்களில் செய்து தேறியிருக்கிறாரா, கடைசி இரண்டு ஆண்டுகளில் என்ன செய்தார் என்று அது கேட்கிறது. கல்யாணச் சமையல்காரர் தன் வேலையைச் சொல்லும்போது எந்தெந்த வீட்டுக் கல்யாணம் என்று ஒப்பிக்க மாட்டார். ஐந்நூறு இலை, ஆயிரம் இலை, சைவம், மூன்று வேளை என்பார். அந்தக் கணக்கில்தான் ஆளை மதிப்பிட முடியும். ரெஸ்யூமேவிலும் கிளையன்ட்கள் மாறியபோது மாறாமல் கூடவே வந்தது எது என்பதைக் கண்டுபிடித்து, அதன் கீழ் புராஜெக்ட்களைத் தொகுக்க வேண்டும்.

தொகுக்காமல் விட்டால் படிப்பவர் சலிப்பதோடு போவதில்லை. பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமேவை முதலில் படிப்பது ஒரு மென்பொருள். தடித்த எழுத்தில் ஒரு நிறுவனப் பெயரும் பக்கத்தில் ஆரம்ப, முடிவு தேதிகளும் இருந்தால், பல நேரங்களில் அது அதைத் தனி வேலையாக எடுத்துக்கொள்கிறது. ஒன்பது கிளையன்ட் பெயர்கள் இருந்தால் ஒன்பது வேலை. பிறகு ரெக்ரூட்டர் போன் செய்து, “மேடம், நீங்க அடிக்கடி கம்பெனி மாறியிருக்கீங்களே, என்ன காரணம்?” என்று கேட்பார். பத்து ஆண்டும் ஒரே அலுவலகத்துக்குப் போய் வந்தவருக்கு அந்தக் கேள்வி புரியாது. பலருக்கு அந்தப் போன்கூட வராது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூமேவை ஏற்றினால், அது படிவத்தைத் தானே நிரப்பிக் காட்டும். அங்கே பணி அனுபவம் என்ற பகுதியில் எத்தனை நிறுவனங்கள் வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் வேலை பார்த்த நிறுவனங்களின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போகாவிட்டால், படித்த மென்பொருள் குழம்பியிருக்கிறது. அவசரமாகப் புரட்டும் மனிதரும் அதே இடத்தில் குழம்புவார். இன்னொரு சோதனையும் உண்டு. ரெஸ்யூமே முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கம்பெனி டெம்ப்ளேட்டின் கட்டங்களுக்குள் இருந்த வரிகள் முன்னுக்குப் பின்னாகச் சிதறினால், அந்தக் கட்டங்களைக் கழற்றிவிட்டுச் சாதாரண வரிகளாக எழுத வேண்டும்.

ஒரு கற்பனையான ஜாவா டெவலப்பரை வைத்து வேலையைச் செய்து பார்ப்போம். 2015 ஜூலையில் சென்னையில் ஒரு சேவை நிறுவனத்தில் சேர்ந்தார். 2025 ஜூன் வரை 120 மாதங்கள் அங்கேயே இருக்கிறார். முதலில் அவர் ரெஸ்யூமேவைத் தொடக்கூடாது. ஒரு தாளில் மாதவாரியாகக் கணக்கு எழுத வேண்டும். அப்ரைசல் படிவங்கள், கம்பெனி போர்ட்டலில் இருக்கும் ஒதுக்கீட்டு விவரம், டைம்ஷீட் ஆகியவற்றிலிருந்து தேதிகள் கிடைக்கும். ராஜினாமா செய்த பிறகு இதைத் தேடினால் கிடைக்காது. கடைசி நாளோடு லாகின் போய்விடும். தேதிகளையும் தான் செய்ததைத் தன் வார்த்தைகளிலும் மட்டுமே குறித்துக்கொள்ள வேண்டும். கிளையன்ட்டின் ஆவணம் எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது.

அவருடைய தாள் இப்படி வருகிறது. மூன்று மாதம் பயிற்சி. பிறகு ஒரு அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் அப்ளிகேஷனில் 18 மாதம் புரொடக்‌ஷன் சப்போர்ட். அதே கிளையன்ட்டுக்குப் புதிய வசதிகள் சேர்க்கும் வேலை 9 மாதம். இரண்டு மாதம் பெஞ்ச். வேறு இடம் இல்லாததால் ஒரு சில்லறை வணிக நிறுவனத்துக்கு 4 மாதம் டெஸ்டிங். 2018 ஜூலை முதல் ஒரு பிரிட்டிஷ் வங்கியின் பழைய கடன் அப்ளிகேஷனை ஸ்பிரிங் பூட்டில் மாற்றி எழுதியது 21 மாதம். வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் அப்ளிகேஷனைப் பராமரித்தது 18 மாதம். புதிய கிளையன்ட்டைப் பிடிப்பதற்காக ஒரு மாதிரி அப்ளிகேஷன் செய்து காட்டியது 2 மாதம். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் சிஸ்டத்தை அமேசான் கிளவுடுக்கு மாற்றியது 24 மாதம். வேறொரு வங்கியில் கடன் சிஸ்டம் தடுமாறியபோது அவசரத்துக்கு அனுப்பப்பட்டது 3 மாதம். 2024 மார்ச் முதல் மறுபடி அந்தப் பிரிட்டிஷ் வங்கி, எட்டுப் பேர் டீமுக்கு மாட்யூல் லீட், இதுவரை 16 மாதம். பயிற்சியையும் பெஞ்சையும் சேர்த்துப் பதினோரு துண்டுகள். கூட்டினால் சரியாக 120.

இனி எதை வைத்துத் தொகுப்பது? தொழில்நுட்பத்தை வைத்தால் இவருக்குப் பயனில்லை. டெஸ்டிங்கைத் தவிர எல்லாமே ஜாவாதான்; ஒரே குழுவாகிவிடும், படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது. துறையை வைத்துப் பார்த்தால் காப்பீட்டுக் கிளெய்ம், வங்கிக் கடன் என்று இரண்டு பெரிய குழுக்கள் துலக்கமாக எழுகின்றன. இரண்டிலும் ஒரு விண்ணப்பம் வருகிறது, விதிகளின்படி சரிபார்க்கப்படுகிறது, பணம் போகிறது. அந்த வேலையோட்டம் இவருக்கு அத்துப்படி என்பதை வேறெந்த வகையில் எழுதினாலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது.

துறைதான் எல்லோருக்கும் சரியான அச்சு என்று சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் வேலை பழைய அப்ளிகேஷன்களைப் புதிய தளத்துக்கு மாற்றுவது என்றால், இவரே வேறு மாதிரி தொகுக்கலாம். 21 மாத வங்கி வேலையும் 24 மாதக் கிளவுட் வேலையும் ஒரு குழு. மாற்றி எழுதிய அனுபவம் 3 ஆண்டு 9 மாதம். மருத்துவக் காப்பீட்டின் இரண்டு துண்டுகள், வாகனக் காப்பீடு, அவசர வங்கி வேலை ஆகியவை சேர்ந்து பராமரிப்பும் மேம்பாடும் என்ற இன்னொரு குழு; அது 4 ஆண்டு. ஒரே தாள், இரண்டு ரெஸ்யூமே. எந்த அச்சு சரி என்று கண்டுகொள்ள எளிய வழி இருக்கிறது. குழுவின் எல்லாப் புராஜெக்ட்களுக்கும் பொருந்துகிற, பிற வேலைகளுக்குப் பொருந்தாத ஒரு வாக்கியத்தை எழுத முயலுங்கள். “பல்வேறு கிளையன்ட்களுக்குப் பல்வேறு அப்ளிகேஷன்களில் பணியாற்றினேன்” என்பதைத் தவிர வேறு வரவில்லை என்றால் அச்சு தவறு.

இந்த டெவலப்பர் ஒரு நிதித்துறை நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துத் துறைவாரியாகவே தொடர்வோம். ரெஸ்யூமேவில் ஒரே ஒரு முதலாளியின் பெயர் தலைப்பாக வரும்: தன் சேவை நிறுவனம், 2015 ஜூலை முதல் இன்று வரை. அதன் கீழ் அவர் வகித்த பதவிகள், ஒவ்வொன்றும் எந்த மாதத்திலிருந்து என்று. இங்கே கம்பெனி ஆவணத்தில் இருக்கும் பதவிப் பெயரைத்தான் எழுத வேண்டும். மாட்யூல் லீட் என்பது டீமில் அவர் செய்யும் வேலை. நியமனக் கடிதத்தில் வேறு பெயர் இருக்கும். வேலை கிடைத்தபின் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும்போது பழைய நிறுவனம் உறுதிப்படுத்துவது கடிதத்தில் உள்ள பெயரை. மாட்யூல் லீடாக வேலை செய்ததைக் கீழே புராஜெக்ட் வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து, இப்போதைய புராஜெக்ட்டை எந்தக் குழுவிலும் கரைக்காமல் தனியாக மேலே நிறுத்த வேண்டும். தொகுப்பதில் பலர் சறுக்குவது இங்கேதான். எல்லாவற்றையும் துறைவாரியாகப் பிரித்துவிட்டால் நேற்று செய்ததும் எட்டு ஆண்டுக்கு முன் செய்ததும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். இவர் இன்னும் கோடு எழுதுகிறாரா, மேற்பார்வை மட்டும்தானா என்று ரெக்ரூட்டர் தேடுவார், கிடைக்காது. எனவே முதலில், “பிரிட்டிஷ் வங்கியின் கடன் அப்ளிகேஷன், மாட்யூல் லீட், 2024 மார்ச் முதல்” என்று தேதியோடு ஒரு பத்தி. அதில் நான்கு வரி செலவழிக்கலாம்.

அதன் கீழ் இரண்டு குழுக்கள். முந்தைய வங்கி வேலை 21 மாதமும் 3 மாதமும் சேர்ந்து 2 ஆண்டு. காப்பீடு 18, 9, 18, 24 சேர்ந்து 69 மாதம், அதாவது 5 ஆண்டு 9 மாதம். காப்பீட்டு வேலை 2017 இறுதியில் நின்று 2020-இல் மறுபடி தொடங்கியதால், குழுத் தலைப்பில் ‘2015 முதல் 2023 வரை’ என்று எழுதினால் எட்டு ஆண்டு போலத் தோன்றும். கூட்டிய கால அளவையும், எத்தனை கிளையன்ட் என்பதையும் எழுதுவதே நேர்மையானது. ரெஸ்யூமே ஆங்கிலத்தில் இருக்கும், அந்தத் தலைப்பின் பொருள் இதுதான்: “மருத்துவ, வாகன, ஆயுள் காப்பீட்டுக் கிளெய்ம் சிஸ்டங்கள்: மூன்று கிளையன்ட், 5 ஆண்டு 9 மாதம்.”

தலைப்பின் கீழ் வரும் வரிகளில்தான் தொகுப்பு நிற்கும் அல்லது விழும். இவருடைய முதல் முயற்சி இப்படி இருக்கலாம்: “ஜாவா, ஸ்பிரிங் பூட், அமேசான் கிளவுட் கொண்டு கிளெய்ம் அப்ளிகேஷன்களை வடிவமைத்து, பராமரித்து, மாற்றினேன்.” தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் உண்மை. 5 ஆண்டு 9 மாதம் என்ற தலைப்பின் கீழ் வைத்துப் படித்தால், கிளவுடில் அவருக்கு அத்தனை ஆண்டு அனுபவம் என்றாகிறது. உண்மையில் அது கடைசி 24 மாதம் மட்டுமே. இன்டர்வியூவில் கிளவுட் பற்றி மூன்றாவது கேள்வி வரும்போது இது வெளிப்படும். எதிரே இருப்பவர் அதைக் கைப்பிழை என்று எடுத்துக்கொள்ள மாட்டார். மற்ற எல்லா வரிகளையும் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்குவார். தொகுத்து எழுதுவது பற்றி எனக்கு இருக்கும் ஒரே பெரிய பயம் இதுதான். பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவரையும் தொகுப்பு பொய்யராக்கிவிடக்கூடும்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு வரியிலும் அது எந்த வகைக் கிளையன்ட்டில், எந்த ஆண்டில் நடந்தது என்று சேர்த்துவிடுவது. இப்படி: “மருத்துவக் காப்பீடு, 2016: இரவில் ஓடும் கிளெய்ம் பேட்ச் அடிக்கடி நின்றுபோனதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தினேன், வாராவாரம் வந்த டிக்கெட் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.” “வாகனக் காப்பீடு, 2020: விபத்துப் புகைப்படங்களை ஏற்றும் பகுதியை முழுவதும் நானே எழுதினேன்.” “ஆயுள் காப்பீடு, 2022: கிளவுடுக்கு மாறிய 14 மாட்யூல்களில் 5 என் பொறுப்பு; மாற்றிய வார இறுதியில் தரவுச் சரிபார்ப்பை நடத்தினேன்.” மூன்று வரிகள், மூன்று கிளையன்ட்கள், மூன்று வெவ்வேறு வேலைகள். மருத்துவக் காப்பீட்டின் இரண்டாவது துண்டுக்குத் தனி வரியே இல்லை. அதனால் நஷ்டமில்லை, அந்த 9 மாதம் மொத்தக் கணக்கில் இருக்கிறது.

டீம் செய்ததையும் தான் செய்ததையும் பிரிப்பது சேவை நிறுவன ஊழியர்களுக்கு இயல்பாக வராது. கிளையன்ட்டுக்கு எழுதிய புரொஃபைலில் எப்போதும் டீமின் சாதனைதான் இருந்தது. 14-இல் 5 என்று எழுதினால் குறைவாகத் தெரியுமோ என்று தயங்குவார்கள். பெரிய வேலையில் தன் பங்கின் எல்லையைச் சரியாகச் சொல்கிறவரைத்தான் இன்டர்வியூ செய்பவர் நம்புவார் என்பது என் உறுதியான கருத்து. எண் நினைவில்லை என்றால் எண்ணே போட வேண்டாம். என்ன நடந்தது என்று சொன்னால் போதும்.

மீதம் 11 மாதங்கள் இருக்கின்றன: பயிற்சி, பெஞ்ச், டெஸ்டிங், மாதிரி அப்ளிகேஷன். பெஞ்சைப் பற்றிப் பலர் அச்சப்படுகிறார்கள். அது வேலையில்லாத காலம் அல்ல. சம்பளம் வந்தது, பணி தொடர்ந்தது. முதலாளியின் பெயருக்கு எதிரே இருக்கும் தேதிகளுக்குள் அது அடங்கிவிடுகிறது. தனியாகக் காட்டத் தேவையில்லை, கேட்டால் மறைக்கவும் கூடாது. டெஸ்டிங்கும் மாதிரி அப்ளிகேஷனும் “பிற குறுகிய பணிகள்” என்று ஒரே வரியில் வரலாம். கடைசியாக ஒரு முறை கூட்டிப் பார்க்க வேண்டும்: இப்போதைய வேலை 16, முந்தைய வங்கி 24, காப்பீடு 69, மீதி 11. மொத்தம் 120. இந்தக் கூட்டல் எப்போது தவறும் என்றால், ஒரே சமயத்தில் பாதி நேரம் ஒரு புராஜெக்ட், பாதி நேரம் இன்னொன்று என்று இருந்த மாதங்களை இரண்டு குழுக்களிலும் முழுதாக எண்ணும்போது. அப்போது குழுக்களின் மொத்தம், வேலையில் இருந்த காலத்தைத் தாண்டிவிடும். பாதியைப் பாதியாக எண்ணுங்கள், அல்லது நேரம் அதிகம் போன பக்கத்தில் மட்டும் எண்ணுங்கள்.

கிளையன்ட்டின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரகசியக் காப்பு ஒப்பந்தங்கள் பல புராஜெக்ட்களில் உண்டு; எது அனுமதி, எது இல்லை என்று நினைவில் வைத்திருப்பது கடினம். ‘அமெரிக்காவின் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்’ என்று வகையாலும் நாட்டாலும் சொன்னால் படிப்பவருக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. புகழ்பெற்ற வங்கியில் ஆன்சைட் போய் ஓராண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்த வங்கியை முதலாளி இடத்தில் எழுதுவது பெரிய ஆபத்து. சரிபார்ப்பவர் அங்கே விசாரித்தால் அப்படி ஒரு ஊழியர் இல்லை என்ற பதில் வரும். வருங்கால வைப்பு நிதியின் யூ.ஏ.என். கணக்கிலும் சேவை நிறுவனத்தின் பெயரும், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும்தான் இருக்கும். புராஜெக்ட்களின் சுவடே அங்கே கிடையாது. அதனால் தொகுத்து எழுதினால் சரிபார்ப்பில் சிக்கல் வருமோ என்ற கவலையும் வேண்டாம்.

இரண்டு வகையினர் இந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு மூன்று சேவை நிறுவனங்கள் மாறியவர்கள், நிறுவனங்களின் எல்லையைத் தாண்டித் தொகுக்கக் கூடாது. காப்பீட்டு வேலை முதல் நிறுவனத்தில் மூன்று ஆண்டு, இரண்டாவதில் இரண்டு ஆண்டு என்றால், மேலே உள்ள சுருக்கத்தில் மொத்தம் ஐந்து என்று சொல்லலாம். கீழே ஒவ்வொரு நிறுவனத்தின் தேதிகளுக்குள் அதனதன் குழு தனியாக வர வேண்டும். வேறொரு ஏஜென்சியின் பேரோலில் ஒப்பந்த ஊழியராக இருந்தவர்களுக்கு, சம்பளம் கொடுத்த ஏஜென்சிதான் முதலாளி. அவர்கள் ஏஜென்சியின் பெயரைத் தலைப்பாக எழுதி, அடுத்த வரியில் எங்கே வேலை செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கொரு பேரோல் மாறியிருந்தால் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். அங்கே சுருக்குவதற்கு அதிகம் இடமில்லை.

ஒரு சேவை நிறுவனத்திலிருந்து இன்னொரு சேவை நிறுவனத்துக்குப் போகிறவர்களிடம் முழுப் பட்டியலைக் கேட்பார்கள். அவர்களும் தங்கள் கிளையன்ட்டுக்கு அதே மாதிரி புரொஃபைல் அனுப்ப வேண்டியவர்கள்தானே. அதற்காகத்தான் அந்த மாதவாரித் தாளைத் தூக்கிப் போடக் கூடாது. அதைச் சீராக்கி ‘புராஜெக்ட் பட்டியல்’ என்ற தனிக் கோப்பாக வைத்திருக்கலாம். கேட்டால் மட்டும் அனுப்பலாம். நௌக்ரி போன்ற தளங்களில் புராஜெக்ட்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, விவரங்களை அங்கே நிரப்பலாம். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அந்தக் கோப்பைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும். “மூன்று காப்பீட்டு நிறுவனம்னு போட்டிருக்கீங்க, அதுல நடுவுல இருந்ததைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால், எந்த மாதம் சேர்ந்தோம், டீமில் யார் யாருக்கு என்ன பொறுப்பு, விபத்துப் புகைப்படம் ஏற்றும் பகுதியில் எது முதலில் உடைந்தது என்று அங்கிருந்தே சொல்லிவிடலாம்.